சிவப்புக் கதவை நீலமாக்கும்போது: கண்ணில் படும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

கார் படத்தைக் கொடுத்து "இந்தக் கதவை மட்டும் வேற கலர்ல காட்டுங்க" என்று கேட்பவர்களில் ஸ்டிக்கர் ஒட்டும் கடைக்காரர், பெயிண்டிங் பட்டறைக்காரர், பழைய வண்டி விற்பவர் எல்லாரும் உண்டு. நிறம் மாற இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிட வேலையில் கதவில் தெரிந்த வானம் பச்சையாகும், குரோம் பட்டை நீலம் பூசிக்கொள்ளும், கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள கேப் அழிந்துபோகும். பார்ப்பவருக்கு எங்கே தவறு என்று சொல்லத் தெரியாது. "கலரு கொள்ளாம், ஆனா ஒட்டி வச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். அந்த 'ஒட்டி வச்ச மாதிரி' எங்கிருந்து வருகிறது, எப்படி நீக்குவது என்பதைக் கோளாறு கோளாறாகப் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன். மார்த்தாண்டத்தில் கேட்டரிங் நடத்தும் ஒருவருடைய சிவப்பு ஹேட்ச்பேக். இடது முன்கதவை மட்டும் அடர் நீலமாக்கி, அதில் வெள்ளையில் கடைப்பெயர் எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். குழித்துறை ஆற்றங்கரை ஓரமாக, காலை பத்து மணி வாக்கில், போனில் எடுத்த படம். கதவின் மேல்பகுதியில், கண்ணாடிக்குக் கீழே தோள்போல மடிந்திருக்கும் இடத்தில், வானம் தெரிகிறது. நடுவில் தென்னைகள். அடியில் ரோடும் ஓரத்துச் செம்மண்ணும். கண்ணாடிக்குக் கீழே ஒரு குரோம் பட்டை, குரோம் கைப்பிடி. முன்னால் ஃபெண்டர், பின்னால் பின்கதவு. இரண்டும் சிவப்பாகவே இருக்க வேண்டும்.

மென்பொருளாக Photoshop பெயர்களைச் சொல்கிறேன், இங்கே ஸ்டுடியோக்களில் அதுதான் புழக்கம். GIMP வைத்திருப்பவர்களுக்குத் தேவையான இடத்தில் குறிப்பு உண்டு.

## கதவில் தெரியும் வானம் பச்சையாகிறது, தென்னை ஊதாவாகிறது

`Hue/Saturation` திறந்து `Hue` -ஐ −120 க்கு இழுத்தால் சிவப்பு நீலமாகிவிடும். கதவின் வெறும் பரப்பில் நன்றாகவே இருக்கும். தோள்மடிப்பைப் பாருங்கள்: வானம் தெரிந்த இடத்தில் ஒரு பச்சைக் கோடு ஓடும். தென்னை தெரிந்த இடத்தில் ஊதா சாயல் ஏறியிருக்கும்.

காரணம் பெயிண்டில் இருக்கிறது. காரின் நிறம் ஒரு படலம், அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட் இன்னொரு படலம். விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதி கிளியர் கோட்டின் மேல்தளத்திலேயே பட்டுத் திரும்பிவிடும். அது பெயிண்டைத் தொடவே இல்லை, ஆகவே வானத்தின் நிறத்தையோ தென்னையின் நிறத்தையோ அப்படியே சுமந்து வரும். மீதி உள்ளே போய், நிறப் படலத்தில் சிதறி, சிவப்பாக வெளியே வரும். கேமரா இரண்டையும் கூட்டித்தான் ஒரு பிக்சலாகப் பதிகிறது. நேராகப் பார்க்கும்போது கிளியர் கோட் திருப்பி அனுப்புவது 4 சதவீதம் அளவுதான். பார்வை சரியச் சரிய அது வேகமாகக் கூடும். தோள்மடிப்பில் வானம் பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

நாம் மாற்ற வேண்டியது உள்ளே போய் வந்த பங்கை மட்டும். `Hue` எல்லாவற்றையும் சேர்த்தே சுழற்றுகிறது. தோள்மடிப்பில் ஒரு பிக்சல் (150, 175, 205) என்று இருந்தால் அது ஏறக்குறைய வெறும் வானம். அதன் நிறக் கோணம் 213 டிகிரி. 120 கழித்தால் 93, அது பச்சை. பச்சைக் கோடு வந்த கதை இவ்வளவுதான். `Colorize` டிக் செய்தால் பச்சை போய்விடும், ஆனால் வானம், தென்னை, மண் எல்லாமே ஒரே நீலமாகிவிடும். அது இன்னும் மோசம்.

வழி என்னவென்றால், சிவப்பு பெயிண்ட் நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. அதில் பச்சையும் நீலமும் கிட்டத்தட்ட இல்லை. எதுவும் தெரியாத வெறும் இடத்தை இந்தப் படத்தில் அளந்தால் (170, 24, 30). அப்படியானால் கதவின் பச்சைச் சேனலில் எங்கெல்லாம் வெளிச்சம் கூடுகிறதோ அது பெயிண்ட் அல்ல, பிரதிபலிப்பு. `Channels` பேனலில் `Green` மட்டும் தெரியும்படி வைத்துப் பாருங்கள்: கறுப்புக் கதவில் வானமும் தென்னையும் தனியாகத் தெரியும். சிவப்புச் சேனலிலிருந்து பச்சைச் சேனலைக் கழித்தால் மிஞ்சுவது பெயிண்ட். அந்த மிச்சத்தை நீலமாக்கி, பிரதிபலிப்பை மேலே திரும்பக் கூட்டிவிட்டால் போதும்.

இதைத் தனித்தனி லேயராகச் செய்யத் தேவையில்லை. ஒரு `Channel Mixer` லேயரே எல்லாக் கணக்கையும் செய்துவிடும்:

```
Output: Red     Red  +5   Green +95   Blue    0
Output: Green   Red +15   Green +85   Blue    0
Output: Blue    Red +90   Green -90   Blue +100
```

ஒவ்வொரு வரிசையையும் கூட்டிப் பாருங்கள், 100 வரும். Photoshop அதை `Total` என்று கீழேயே காட்டும். இந்த வேலையின் உயிர்நாடி அந்த 100 தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமமாக உள்ள எந்தப் பிக்சலும், அதாவது வெள்ளை, சாம்பல், கறுப்பு எதுவும், இந்த லேயருக்குக் கீழே இருந்தாலும் மாறாது. மேகம் மேகமாகவே இருக்கும், கேப்பின் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

எண்ணில் பார்த்துவிடுவோம். வெறும் கதவு (170, 24, 30) இப்போது (31, 46, 161) ஆகிறது, நல்ல அடர் நீலம். தோளுக்குக் கொஞ்சம் கீழே, பெயிண்டும் வானமும் கலந்த இடம் (203, 156, 189). ரோஜா நிறமாக இருந்த அது (158, 163, 231) ஆகிறது. நீலக் காரில் வானம் பட்ட இடம் அப்படித்தான் இருக்கும். மேகத்தின் பளபளப்பு (240, 235, 238) இருந்தது, (235, 236, 243) ஆனது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

நீலம் வேறு சாயலில் வேண்டுமென்றால் `Red` பத்தியில் உள்ள எண்ணை மாற்றுங்கள், மாற்றிய அளவை `Green` பத்தியில் ஈடுகட்டி மொத்தத்தை 100 இல் நிறுத்துங்கள். பச்சைக் கதவு கேட்டால், `Green` வரிசையில் Red +60, Green +40. `Blue` வரிசையில் Red +10, Green −10, Blue +100. முதல் வரிசை அப்படியே இருக்கட்டும். GIMP இல் இதே கருவி `Colors > Components > Channel Mixer` இல் இருக்கிறது. அங்கே 100 என்பதை 1 என்று எழுத வேண்டும், `Preserve luminosity` டிக் செய்யாமல் இருக்க வேண்டும். டிக் இருந்தால் அது தானாக ஒரு கணக்குப் போட்டு நம் கணக்கைக் கெடுத்துவிடும்.

## பச்சைக் கோடு போய்விட்டது, ஆனால் வானம் வெளிறித் தெரிகிறது

முன்னே சொன்ன தோள்மடிப்புப் பிக்சல் (150, 175, 205) மிக்ஸரில் (174, 171, 183) என்று வரும். பச்சை இல்லை, சரி; வானத்தின் நீலமும் பெரும்பகுதி போய்விட்டது. நம் கணக்கு சிவப்பிலிருந்து பச்சையைக் கழித்து பெயிண்டைக் கண்டுபிடிக்கிறது. இங்கே பச்சை சிவப்பைவிடப் பெரியது, கழித்தால் மைனஸ் வருகிறது. பெயிண்டே தெரியாத இடத்தில் பெயிண்டைத் தேடியதன் விளைவு இது.

அப்படிப்பட்ட இடத்தில் அசல் படமே சரியான விடை. மிக்ஸர் லேயரைக் கதவுக்குள் மட்டும் நிறுத்தும் மாஸ்க்கில், மென்மையான கறுப்பு பிரஷ்ஷால், 30 சதவீத `Flow` வைத்து, தோள்மடிப்பின் மேல் விளிம்பில் மட்டும் ஓரிரு தடவை தடவுங்கள். கீழே இறங்கினால் ரோஜா நிறம் எட்டிப்பார்க்கும், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

## மாலை வெயில் பட்ட இடம் சாம்பலாக மங்குகிறது

குழித்துறைப் படத்தில் இது வரவில்லை. முட்டத்திலோ சொத்தவிளையிலோ சூரியன் இறங்கும் நேரத்தில் எடுத்துவரும் படங்களில் கண்டிப்பாக வரும். பொன்னிற வெயில் கதவில் மின்னும் இடம் (255, 200, 140) என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸருக்கு அந்த ஆரஞ்சு வெயிலுக்கும் சிவப்பு பெயிண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதிலிருந்து கொஞ்சம் 'பெயிண்ட்' எடுத்து நீலமாக்கிவிடும். கிடைப்பது (203, 208, 190), செத்துப்போன சாம்பல்.

`Channel Mixer` லேயரின் பெயருக்குப் பக்கத்து வெற்றிடத்தை இருமுறை சொடுக்கி `Blending Options` திறவுங்கள். கீழே `Blend If` இருக்கும். அதை `Gray` இல் விடாமல் `Green` க்கு மாற்றுங்கள், ஏனென்றால் பிரதிபலிப்பு இருப்பது பச்சைச் சேனலில். `Underlying Layer` இன் வெள்ளை முக்கோணத்தை `Alt` அழுத்திக்கொண்டு இரண்டாகப் பிரித்து, இடது பாதியை 180 இலும் வலது பாதியை 220 இலும் வையுங்கள். பச்சை 220 ஐத் தாண்டிய இடத்தில் அசல் படம் முழுதாகத் தெரியும், 180 க்குக் கீழே மிக்ஸர் முழுதாக வேலை செய்யும், நடுவில் மெல்லக் கலக்கும். நம் உதாரணத்தின் 200 சரியாக நடுவில் விழுகிறது. வெயிலின் பொன்னிறம் பாதி திரும்பிவிடும். இன்னும் வேண்டுமென்றால் இரண்டையும் பத்துப் பத்தாகக் கீழே இறக்கிப் பாருங்கள். 150 க்குக் கீழே இறக்கினால் பழைய சிவப்பு கதவில் திட்டுத் திட்டாக வெளியே வரும், அதுதான் எல்லை.

படம் எடுப்பது உங்கள் கையில் இருந்தால், ஆனி ஆடியில் சாரல் மேகம் மூடியிருக்கும் பகல் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. வானமே சாம்பல், பிரதிபலிப்பும் சாம்பல், மேலே சொன்ன இரண்டு கோளாறும் வராது.

## கதவின் அடியில் செம்மண் தெரிந்த இடம் நீலச் சேறு போல இருக்கிறது

இதற்கு முழுத் தீர்வு கிடையாது. சிவப்புக் கதவில் தெரியும் செம்மண்ணில் எவ்வளவு பெயிண்ட், எவ்வளவு மண் என்று படத்தை வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டும் சிவப்பு. மண்ணின் பிரதிபலிப்பு என்றால் பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், விட்டுவிடலாம். கதவில் ஒட்டியிருக்கும் தூசி என்றால்தான் தொல்லை. தூசி பெயிண்டுக்கு மேலே படிந்த இன்னொரு படலம், அது நீலச் சாம்பலாக மாறி அழுக்கு பெயிண்ட் போலத் தெரியும். புதிதாக ஒரு லேயர் போட்டு, `Color` மோடில், பக்கத்து ஃபெண்டரின் அடியில் உள்ள தூசியின் நிறத்தைத் தொட்டெடுத்து, 20 சதவீத `Opacity` இல் தடவினால் சமாளிக்கலாம். வண்டியைக் கழுவிவிட்டுப் படம் எடுத்திருந்தால் இந்தப் பத்தியே தேவையில்லை.

## குரோம் பட்டையின் கீழ் ஓரத்தில் சிவப்பு நூல் ஓடுகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சிவப்பு, பட்டைக்கும் கதவுக்கும் நடுவில் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில் கசிந்ததுபோல இருந்தால் அது ஜேபெக் செய்த வேலை. ஜேபெக்கில் வெளிச்சம் முழு நுணுக்கத்தோடும், நிறம் நீள அகலம் இரண்டிலும் பாதி நுணுக்கத்தோடும் பதிவது வழக்கம். அதனால் கதவின் சிவப்பு ஓரத்தைத் தாண்டி குரோமுக்குள் கொஞ்சம் வழிந்திருக்கும். அசல் படத்தில் கண்ணுக்குத் தெரியாது, கதவு நீலமானதும் பளிச்சென்று தெரியும். மாஸ்க்கை குரோமுக்குள் ஒன்றிரண்டு பிக்சல் தள்ளிவிட்டால் போதும். வழிந்த சிவப்பு வழிந்த நீலமாக மாறும். குரோம் சாம்பல் என்பதால் மிக்ஸர் அதைத் தொடாது, அந்த 100 இங்கேயும் காப்பாற்றுகிறது. வெறும் நிறம் பூசும் முறையில் இப்படித் தள்ளியிருந்தால் பட்டையும் நீலமாகியிருக்கும்.

சிவப்பு, பட்டையின் கீழ்ப்பாதி முழுவதும் மென்மையாகப் பரவியிருந்தால் அது கோளாறே இல்லை, அது கதவின் பிரதிபலிப்பு. குரோமுக்கென்று சொந்த நிறம் கிடையாது; மேல் வளைவில் வானத்தையும் கீழ் வளைவில் கதவின் தோளையும் காட்டும். "குரோமைத் தொடவே கூடாது" என்று வாடிக்கையாளர் சொல்வது பட்டையின் வடிவத்தையும் பளபளப்பையும் நினைத்துத்தான். நீலக் கதவுக்கு மேலே சிவப்பைக் காட்டும் குரோம் இருந்தால் அவரே "என்னமோ இடிக்குதே" என்பார். ஆகவே கீழ்ப்பாதியை மாஸ்க்குக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்பாதியைச் சேர்க்க வேண்டாம், அங்கே தெரியும் நீல வானம் வெளிறிப்போகும்.

கைப்பிடியும் அப்படியே. அதன் உட்குழிவில் கதவின் நிறம் தெரியும், அதைச் சேருங்கள். வெளிப்புறத்தில் படம் எடுத்தவரின் சட்டை தெரியும், அதை விடுங்கள். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து படம் எடுத்திருந்தால் கொஞ்சம் பிரஷ் வேலை இருக்கிறது.

ஃபெண்டரில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் ஆரஞ்சு, கதவு ஓரத்தில் ரிஃப்ளெக்டர் இருந்தால் அதன் சிவப்பு, இரண்டும் மாஸ்க்குக்கு வெளியே நிற்க வேண்டும். மிக்ஸர் அவற்றையும் பெயிண்ட் என்றே நினைக்கும்.

## கேப் அழிந்துபோகிறது, அல்லது அதன் ஓரத்தில் ஒரு கோடு ஒளிர்கிறது

டிங்கரிங் வேலை தெரிந்தவர் வண்டியைப் பார்த்ததும் முதலில் பார்ப்பது கேப்பைத்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா என்று. படத்தில் அது கலைந்தால் கதவு சரியாகப் பொருந்தாத அடிபட்ட வண்டி போலத் தெரியும். பழைய வண்டி விற்பவருக்கு அது பெரிய தலைவலி.

முதலில் படத்தின் அளவைப் பாருங்கள். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நாலு மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 3.8 மீட்டர் நீள வண்டி படத்தில் 3800 பிக்சல் அகலத்துக்கு நின்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல், கேப்புக்கு நாலு பிக்சல். அதில் வேலை செய்யலாம். அதே படம் வாட்ஸப்பில் சுருங்கி, வண்டி 1500 பிக்சலுக்கு வந்துவிட்டால் கேப்புக்கு ஒன்றரைப் பிக்சல்தான். அந்த ஒன்றரைப் பிக்சலிலும் இரண்டு பக்கத்துச் சிவப்பும் கசிந்திருக்கும். எப்படி மாஸ்க் போட்டாலும் அது நிற்காது. படத்தை போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். இதை நான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், ஒவ்வொருவரும் முதலில் போட்டோவாகத்தான் அனுப்புகிறார்கள்.

அளவு சரி என்றால் அடுத்தது மாஸ்க்கின் ஓரம் எங்கே நிற்கிறது என்பது. பலரும் கதவின் விளிம்பில் நிறுத்துகிறார்கள். கதவின் விளிம்பு கூர்மையாக முடிவதில்லை, சற்றே உருண்டு உள்ளே மடங்குகிறது. அந்த மடிப்பு மங்கலான சிவப்பாகக் கேப்புக்குள் இறங்கும். விளிம்பில் மாஸ்க் நின்றால் மடிப்பு சிவப்பாகவே மிஞ்சும், நீலக் கதவைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. அதற்குப் பயந்து மாஸ்க்கைத் தள்ளினால் எதிர்ப்பக்கத்து ஃபெண்டரின் மடிப்பு நீலமாகும்.

மாஸ்க்கை கேப்பின் நட்ட நடுவில் நிறுத்துங்கள், அங்கேதான் இருட்டு அதிகம். இந்தப் படத்தில் கேப்பின் நடு (14, 9, 10) என்று இருக்கிறது. மிக்ஸர் அதில் வேலை செய்தாலும் (9, 10, 15) ஆகும், யார் கண்ணுக்கும் தெரியாது. மாஸ்க்கின் ஓரம் இருட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. `Pen Tool` எடுத்து, கேப்பின் நடுவில் பாதை வரைந்து, `Make Selection` இல் `Feather Radius` ஐ 0.5 இல் வையுங்கள். நாலு பிக்சல் கேப்பில் 2 வைத்தால் மாஸ்க்கின் மங்கல் கேப் முழுதையும் தின்று இரண்டு பக்கமும் ஏறிவிடும். ஒளிரும் கோட்டுக்கு இதுதான் காரணம் என்பதைப் பல படங்களில் பார்க்கலாம்.

தானாகத் தேர்வு செய்யும் கருவிகளை நம்பிக் கேப்பை விட வேண்டாம். ஃபெண்டரும் கதவும் ஒரே சிவப்பு. நடுவில் நாலு பிக்சல் இருட்டை அந்தக் கருவி பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். கதவின் மூன்று பக்கம் கையால் பாதை போட பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தினால் பிரஷ்ஷோடு ஒரு மணிநேரம் போராட வேண்டும்.

## வெள்ளை வண்டி: மிக்ஸர் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை

நடக்காது. சாம்பலும் வெள்ளையும் மாறக்கூடாது என்றுதானே 100 இல் நிறுத்தினோம். வெள்ளைக் கதவில் பெயிண்டும் வெள்ளை, பிரதிபலிப்பும் கிட்டத்தட்ட வெள்ளை, பிரிக்க வழியில்லை.

`Solid Color` லேயர் போட்டு `Color` மோடு வைத்தால் அடர் நீலத்துக்குப் பதில் குழந்தைகள் அறைக்கு அடிக்கும் இளநீலம் வரும். அந்த மோடு வெள்ளையின் வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு சாயலை மட்டும் ஏற்றுகிறது. மோடை `Multiply` ஆக்குங்கள். கதவு (205, 207, 210) இருந்து, நிறம் (40, 60, 160) கொடுத்தால் (32, 49, 132) கிடைக்கும். அடர் நீலம் வந்துவிடும். ஆனால் சூரியன் மின்னிய 255 வெள்ளையும் (40, 60, 160) ஆகி அணைந்துபோகும். அதைத் திரும்பக் கொண்டுவர `Blend If` ஐ இந்த லேயரில் `Gray` இலேயே விட்டு, `Underlying Layer` வெள்ளை முக்கோணத்தை 225, 250 என்று பிரித்து வையுங்கள். இந்த முறையில் குரோமும் கேப்பும் தானாகத் தப்பாது. மாஸ்க் பிசகாமல் இருக்க வேண்டும், குரோமுக்குள் ஒரு பிக்சல்கூடத் தள்ளக்கூடாது.

இவ்வளவு செய்தும் கதவு பிளாஸ்டிக் வாளி போலத்தான் இருக்கும். உண்மையான அடர் நீலக் காரில் தென்னையும் வானமும் தெளிவாகத் தெரியும். அவை வெள்ளைக் காரிலும் அதே அளவில்தான் விழுகின்றன. ஆனால் வெள்ளை பெயிண்டின் வெளிச்சத்துக்கு முன் அந்த 4 சதவீதம் முங்கிப்போகிறது. படத்தில் பதியாத தென்னையை எந்த லேயரும் கொண்டுவராது. இளநீலம், வெளிர் பச்சை போன்ற நிறங்களுக்கு வெள்ளை வண்டியின் படம் போதும். அடர் நிறம் கேட்டால் முடியாது என்று நான் முன்பே சொல்லிவிடுவேன். அதே மாடலில் சிவப்போ நீலமோ ஓடும் வண்டி ஒன்று ஊரில் இல்லாமலா போகும், அதைப் படம் எடுத்து வரச் சொல்வேன்.

கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போவது இதற்கு நேர் எதிர். அங்கே பிரதிபலிப்பு மட்டும்தான் இருக்கிறது, பெயிண்டின் ஒளி நிழல் இல்லை. தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வரும்.

## கதவு சரி, ஆனாலும் படம் பொருந்தவில்லை

கதவைச் சுற்றிப் பாருங்கள். சைடு மிரரின் அடிப்பக்கத்தில் கதவின் சிவப்பு தெரியும். கதவுக்குக் கீழே ரோட்டில், வெயில் பட்டுத் திரும்பிய மெல்லிய சிவப்புச் சாயல் இருக்கும், ஈர ரோடு என்றால் நன்றாகவே இருக்கும். கண்ணாடியின் கீழ் ரப்பர் ஓரத்திலும் கொஞ்சம். இவற்றுக்கு அதே மிக்ஸரை ஒரு பிரதி எடுத்து, மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, தேவையான இடத்தில் மட்டும் 40 சதவீத வெள்ளையில் தடவுங்கள். செம்மண்ணில் தடவிவிடாதீர்கள்.

கடைசிச் சோதனைக்கு, அசல் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயராக வைத்து மோடை `Difference` ஆக்குங்கள். மாறாத இடமெல்லாம் கறுப்பாக இருக்கும், மாறிய இடம் மட்டும் ஒளிரும். கதவு ஒளிர வேண்டும். குரோமின் மேல்பாதி, கேப்பின் நடு, ஃபெண்டர், பின்கதவு எல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும். சின்ன வித்தியாசம் கண்ணுக்குப் படாது என்பதால் மேலே ஒரு `Levels` போட்டு வலது முக்கோணத்தை 40 க்கு இழுத்துப் பாருங்கள். ஃபெண்டரின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று ஒளிர்ந்தால் மாஸ்க் அந்த இடத்தில் கேப்பைத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். மாஸ்க்கின் ஓரத்தை அந்த இடத்தில் மட்டும் ஒரு பிக்சல் உள்ளே இழுத்துவிட்டு இரண்டு லேயரையும் நீக்கிவிடலாம். கடைப்பெயரை அதற்குப் பிறகு, மிக்ஸருக்கு மேலே, தனி லேயரில் எழுதுங்கள்.